செய்தித்தாளை வைத்து ஒரு குளோஸ் தேர்வு: தமிழ் கற்கும் பெரியவர்களுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது எப்படி

வேலைக்காகச் சென்னைக்கு வந்த வெளிமாநிலத்தவர்களுக்கு மாலை நேரத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வங்கி ஊழியர்கள், நர்ஸ்கள், ஐ.டி.காரர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருவார்கள். ஒருவர் மூன்று வருடமாக இங்கே இருப்பார், பேச்சு சரளமாக வரும், ஆனால் பஸ் போர்டு படிக்கத் திணறுவார். இன்னொருவர் புத்தகம் வைத்துத் தானாகவே படித்திருப்பார், வேற்றுமை உருபு எல்லாம் மனப்பாடம், ஆனால் கடையில் வாய் திறக்கமாட்டார். புதிதாக வருகிற ஒருவரை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்பதைச் சீக்கிரமாக முடிவுசெய்ய வேண்டும். அதற்கு எனக்கு அதிகம் உதவுவது குளோஸ் பத்தி. ஒரு செய்தியை எடுத்து, சீரான இடைவெளியில் சொற்களை நீக்கி, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வது.

பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலத்துக்காக உருவான இந்த முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் சில இடங்களில் கட்டாயம் தவறாகப் போகும். முதல் வருடம் நான் தயாரித்த தாள்களில் பாதி உபயோகமில்லாதவை. அந்தத் தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் இதழியல் ஆய்விதழ் ஒன்றில் இந்த முறையை அறிமுகப்படுத்தினார். அப்போது அவர் அளக்க நினைத்தது மாணவர்களை இல்லை, எழுத்தை. ஒரு பத்தியில் ஐந்தாவது ஐந்தாவதாகச் சொற்களை நீக்கிவிட்டு வாசகர்களிடம் கொடுத்தால், எவ்வளவு அதிகமாக நிரப்புகிறார்களோ அவ்வளவு எளிதான எழுத்து என்று கணக்கு. அரைகுறையான உருவத்தை மனம் தானாக முழுமையாக்கிப் பார்க்கும் என்ற, ‘குளோஷர்’ எனப்படும் உளவியல் கருத்திலிருந்து பெயரும் வந்தது. அப்புறம் 1970-களில் ஜான் ஆலர் போன்றவர்கள் இதை இரண்டாம் மொழி கற்பவர்களின் பொதுவான மொழித்திறனை அளக்கும் தேர்வாக வளர்த்தார்கள். ஒரு கோடிட்ட இடத்தை நிரப்ப சொல்வளம், இலக்கணம், முன்வாக்கியத்தின் நினைவு, பின்வாக்கியத்தின் எதிர்பார்ப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வேலைசெய்ய வேண்டும் என்பதுதான் இதன் பலம்.

செய்தியைத் தேர்ந்தெடுப்பது

பெரியவர்களுக்குச் செய்திதான் நல்ல மூலம். குழந்தைக் கதையைக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள், இலக்கியம் கொடுத்தால் திகைப்பார்கள். ஆனால் எல்லாச் செய்தியும் உதவாது.

அரசியல் செய்தியில் பெயர்களும் பதவிகளும் நிறைந்திருக்கும். விளையாட்டுச் செய்தியில் எண்கள். விபத்து, மரணச் செய்திகளைத் தேர்வுத்தாளில் வைக்க எனக்கு மனம் வராது. யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இன்று காலை எல்லோரும் படித்த செய்தியும் வேண்டாம், அது ஞாபகசக்தித் தேர்வாகிவிடும். மாவட்டப் பக்கத்தில் வருகிற ஒன்றிரண்டு மாதப் பழைய செய்தியைத் தேடுங்கள். குடிநீர்க் குழாய், காய்கறி விலை, பஸ் நிலைய மாற்றம், ஏரி தூர்வாருவது போன்றவை. இவற்றில் ஒரு காரணம் இருக்கும், ஒரு விளைவு இருக்கும், யாராவது ஒருவர் கருத்துச் சொல்லியிருப்பார். வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிடிப்புதான் நமக்குத் தேவை.

நீளத்துக்கு ஒரு கணக்கு. நம்பகமான மதிப்பெண் வேண்டுமானால் குறைந்தது 35, 40 இடங்களாவது இருக்க வேண்டும். ஏழாவது ஏழாவதாக நீக்கினால் 40 இடத்துக்கு 280 சொல், முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் சேர்த்து 300 சொல். அவ்வளவு நீளமான மாவட்டச் செய்தி எளிதில் கிடைக்காது. நான் வெவ்வேறு விஷயத்தைப் பற்றிய இரண்டு செய்திகளை எடுத்து ஒவ்வொன்றிலும் 20 இடம் வைக்கிறேன். ஒருவருக்குக் காய்கறி விலை பற்றி நன்றாகத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது என்றால், இரண்டாவது செய்தி அந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் சரிசெய்யும்.

எண்ணுவதற்கு முன் செய்ய வேண்டியது

தமிழ்ச் செய்திகளில் சொற்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரே சீராக இருக்காது. ஒரே செய்தியில் “வந்து விட்டது” என்றும் “வந்துவிட்டது” என்றும் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் எண்ணினால் “விட்டது” தனியாக நீங்கிப்போகும். “வந்து ____” என்ற இடத்தை யார்தான் நிரப்பமாட்டார்கள்? எனவே துணைவினைகளை முதலில் சேர்த்து எழுதிவிடுங்கள். முதல் வாக்கியத்தில் மூன்று வரிக்குப் பதவிப் பெயர்கள் வந்தால் சுருக்கிவிடுங்கள். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். எளிமையாக்குகிறேன் என்று மாற்றி எழுதினால் அது பாடப்புத்தக நடையாகிவிடும்.

சரி, ஒரு பத்தியை எடுத்துச் செய்துபார்க்கலாம். கீழே இருப்பது செய்தி நடையில் நானே எழுதியது. உண்மைத் தாளில் இது இன்னும் நீண்டுபோகும்.

> தொடர் மழையால் கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி வரத்து குறைந்துள்ளது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நாள்தோறும் வரும் லாரிகளின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. வரும் தக்காளியிலும் பாதி அழுகிப்போயிருப்பதால் நல்ல காய்களுக்குப் போட்டி ஏற்பட்டுள்ளது. கடந்த வாரம் கிலோ 30 ரூபாய்க்கு விற்ற தக்காளி இப்போது 60 ரூபாயைத் தொட்டுவிட்டது. சில்லறைக் கடைகளில் இதைவிட அதிகம். “மழை நின்றாலும் புதிய காய் வருவதற்கு இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை விலை குறையாது” என்று வியாபாரிகள் கூறுகின்றனர். ஓட்டல்களில் தக்காளிச் சட்னிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சட்னி பரிமாறத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் வாக்கியத்தைத் தொடக்கூடாது. எதைப் பற்றிய செய்தி என்று வாசிப்பவருக்குத் தெரிய அது முழுசாக இருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து எண்ணத் தொடங்கி ஏழாவது ஏழாவதாக எடுத்தால் நீங்குகிற சொற்கள் இவை: பாதியாகிவிட்டது, போட்டி, விற்ற, கடைகளில், வருவதற்கு, என்று, தேங்காய்ச்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டாவது வாக்கியத்தின் ஐந்தாவது சொல்லிலிருந்து ஆரம்பித்து ஏழேழாக எடுத்திருந்தால் மூன்றாவதாக நீங்கியிருப்பது “30” என்ற எண். அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது சொல்லிலிருந்து ஆரம்பித்திருந்தால் முதலில் போயிருப்பது “கர்நாடகத்திலிருந்தும்”. அது புவியியல் கேள்வி. பத்தி ஒன்றுதான், இடைவெளியும் ஒன்றுதான், ஆரம்பிக்கும் இடம் மாறினால் தேர்வே மாறிவிடுகிறது. எத்தனையாவது சொல்லை நீக்குகிறோம் என்பதைப் பொறுத்துத் தேர்வு அளக்கிற விஷயமே மாறிப்போகிறது என்று 1979-இல் சார்லஸ் ஆல்டர்சன் எழுதியபோது இந்தத் துறையில் பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. அதற்குப் பிறகு, கண்மூடித்தனமாக எண்ணாமல் எந்தச் சொல்லை ஏன் நீக்குகிறோம் என்று யோசித்து நீக்கும் வழக்கம் வளர்ந்தது.

நான் இரண்டையும் கலந்து செய்கிறேன். முதலில் ஏழேழாக எண்ணிக் குறித்துக்கொள்வேன். பெயர், எண், தேதி வந்தால் பக்கத்துச் சொல்லுக்கு நகர்த்துவேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பேன். எண்ணுவதை முழுக்க விட்டுவிட்டால் நமக்குப் பிடித்த இலக்கணத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கு எச்சங்கள் பிடிக்கும், விட்டால் தாள் முழுக்க எச்சமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் நீங்குகிற சொற்களில் கணிசமானவை நம்முடைய உருபுகளுக்கு ஈடான சின்னச் சொற்கள். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால், ஒரு சொல்லை நீக்கினால் பொருளும் போகும், உருபும் போகும். “ஆந்திராவிலிருந்தும்” என்பதில் ஊர், வந்த திசை, “அங்கிருந்தும் கூட” என்ற சேர்க்கை மூன்றும் இருக்கின்றன. எனவே தமிழில் ஏழுக்கு ஒன்று என்பது ஆங்கிலத்தைவிடக் கடினம். நடுத்தர வகுப்புக்கு நான் ஒன்பதுக்கு ஒன்று வைக்கிறேன், முன்னேறிய வகுப்புக்கு மட்டும் ஏழு.

ஒவ்வொரு இடமும் என்ன கேட்கிறது

“கடந்த வாரம் கிலோ 30 ரூபாய்க்கு ____ தக்காளி இப்போது 60 ரூபாயைத் தொட்டுவிட்டது.” இந்த ஏழில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு மாணவி இதே மாதிரி ஓர் இடத்தில் “விற்றது” என்று எழுதிவிட்டு, “சரிதானே சார், போன வாரம்தானே?” என்று கேட்டார். காலம் சரி. “30 ரூபாய்க்கு விற்றது” என்பது வரை வாக்கியமும் சரி. ஆனால் அடுத்து “தக்காளி” நிற்கிறது, எனவே பெயரெச்சம் வர வேண்டும். அவர் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதை மட்டும் படித்திருக்கிறார். “விற்கிற” என்று எழுதுபவர் வலப்பக்கம் பார்த்துவிட்டு “கடந்த வாரம்” என்பதை மறந்துவிட்டார். “விற்ற”, “விற்பனையான”, “கிடைத்த” என்று எழுதுபவர் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். ஒரே இடத்தில் மூன்று படிநிலை தெரிகிறது.

“லாரிகளின் எண்ணிக்கை ____.” இதற்குப் பலரும் “குறைந்துள்ளது” என்று எழுதுவார்கள். முதல் வாக்கியத்தில் அதே சொல் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே பார்த்து எழுதுவதும் வாசிப்புத்தான். “குறைந்துவிட்டன” என்று எழுதினால் எழுவாயை லாரிகள் என்று நினைத்துவிட்டார் என்று அர்த்தம். “அதிகரித்துள்ளது” என்று எழுதினால் இந்த வாக்கியத்துக்குள் இலக்கணம் சரி, செய்தியோடு ஒட்டவில்லை. நன்றாகத் தமிழ் வாசிக்கிறவர்கள் “பாதியாகிவிட்டது” என்றே எழுதுவதும் உண்டு. காரணம் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: “வரும் தக்காளியிலும் பாதி.” அந்த “உம்” முன்னால் ஏற்கெனவே ஏதோ பாதியாகியிருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறது. “குறைந்துள்ளது” என்பதும் முழு மதிப்பெண்ணுக்கு உரிய விடைதான். ஆனால் அந்த உம்மையைக் கவனித்தவரை நான் மனதில் குறித்துக்கொள்வேன்.

“புதிய காய் ____ இரண்டு வாரமாவது ஆகும்.” வருவதற்கு, வர, வந்துசேர, கிடைக்க எல்லாம் சரி. “வந்தால்” தவறு, “வரும்” தவறு. நல்ல இடம். “சில்லறை ____ இதைவிட அதிகம்” என்பதில் கடைகளில், கடையில், வியாபாரத்தில், விலை என்று பலவும் பொருந்தும். “கடைகள்” பொருந்தாது, இடத்தைக் காட்டும் உருபு தெரிகிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். “என்று” எல்லோரும் எழுதிவிடுவார்கள், அல்லது “என” என்பார்கள். ஆரம்பநிலையில் இருப்பவருக்கும் ஒன்றிரண்டு கிடைக்க வேண்டும், எனவே ஒரு தாளில் இரண்டு “என்று” இருந்தால் போதும். செய்தி நடையில் “என்று” அடிக்கடி வரும் என்பதால் எண்ணும்போது ஐந்தாறு மாட்டிக்கொள்ளும். மிச்சத்தை நகர்த்திவிடுங்கள்.

“தேங்காய்ச் சட்னி” என்ற இடம் வீண். புதினா, கொத்தமல்லி, வெங்காயம், கடலை என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். தமிழே தெரியாமல் ஓட்டலில் சாப்பிட்டுப் பழகியவரும் நிரப்பிவிடுவார். ஒரு சொல் முன்னால் நகர்த்தினால் “தக்காளிச் சட்னிக்கு ____ தேங்காய்ச் சட்னி” என்று ஆகிறது. இப்போது “பதிலாக” அல்லது “மாற்றாக” தெரிந்தவர்தான் எழுத முடியும்.

ஒற்று காட்டிக்கொடுக்கும்

தமிழில் இந்தத் தேர்வைத் தயாரிக்கிற யாரும் முதலில் தவறவிடுவது இதைத்தான். நானும் ஒரு வருடம் கவனிக்காமல் விட்டேன்.

இரண்டாவது இடத்தைப் பாருங்கள்: “நல்ல காய்களுக்குப் ____ ஏற்பட்டுள்ளது.” அந்த “ப்” அடுத்த சொல் பகர வரிசையில் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறது. மாணவருக்குத் துப்புக் கிடைத்துவிடுகிறது என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, நல்ல விடைகள் அடைபட்டுப்போவது. இந்த இடத்துக்குத் “தட்டுப்பாடு” மிகப் பொருத்தமான சொல். சந்தையில் புழங்குகிறவர் “கிராக்கி” என்பார். இரண்டும் “ப்” என்ற எழுத்துக்குப் பின்னால் நிற்காது. ஒற்று விதி தெரிந்த திறமையான மாணவர் “தட்டுப்பாடு” என்று நினைத்து, “ப்” இருப்பதைப் பார்த்து, வேறு சொல் தேடி நேரத்தை வீணாக்குவார். விதி தெரியாதவர் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போவார். அதிகம் தெரிந்தவருக்கு இடைஞ்சலாக இருக்கிற கேள்வி கெட்ட கேள்வி.

எனவே கோட்டுக்கு முன்னால் வருகிற வல்லொற்றை எடுத்துவிடுங்கள். “காய்களுக்கு ____”, “சில்லறை ____”, “சட்னிக்கு ____”. தாளின் மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “கோடிட்ட இடத்துக்கு முன் ஒற்றெழுத்து அச்சிடப்படவில்லை.” இதேபோல் கோட்டுக்கு முன் “ஓர்” இருந்தால் அடுத்தது உயிரெழுத்து என்று தெரிந்துவிடும், “ஒரு” என்று மாற்றிவிடுங்கள். விடையின் கடைசியில் ஒற்று வருகிறதா என்பதற்கும் மதிப்பெண் கிடையாது. ஒற்றைச் சோதிக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு தேர்வு வைக்கலாம்.

பால், எண் விகுதிகள் தருகிற துப்பு வேறு விஷயம். “கூறுகின்றனர்” என்பதைப் பார்த்து எழுவாய் பன்மை என்று கண்டுகொள்வது வாசிப்பின் ஒரு பகுதி. அதை மறைக்கக்கூடாது.

எல்லாம் முடிந்தபின் பத்தி இப்படி நிற்கும்:

> தொடர் மழையால் கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி வரத்து குறைந்துள்ளது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நாள்தோறும் வரும் லாரிகளின் எண்ணிக்கை (1) ________. வரும் தக்காளியிலும் பாதி அழுகிப்போயிருப்பதால் நல்ல காய்களுக்கு (2) ________ ஏற்பட்டுள்ளது. கடந்த வாரம் கிலோ 30 ரூபாய்க்கு (3) ________ தக்காளி இப்போது 60 ரூபாயைத் தொட்டுவிட்டது. சில்லறை (4) ________ இதைவிட அதிகம். “மழை நின்றாலும் புதிய காய் (5) ________ இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை விலை குறையாது” (6) ________ வியாபாரிகள் கூறுகின்றனர். ஓட்டல்களில் தக்காளிச் சட்னிக்கு (7) ________ தேங்காய்ச் சட்னி பரிமாறத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாக் கோடும் ஒரே நீளம். சொல்லுக்கு ஏற்றபடி நீளத்தை மாற்றினால் அதுவும் துப்பாகிவிடும். “வருவதற்கு” என்று எழுதும் அளவுக்கு இடம் விடுங்கள், தமிழ் எழுத்து அகலமாக ஓடும்.

தமிழர்களிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள்

மாணவரிடம் போவதற்கு முன் தாளைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பத்துப் பேரிடம் கொடுங்கள். தமிழாசிரியர்களாகப் பிடித்து உட்காரவைக்காதீர்கள். செய்தித்தாள் வாசிக்கிற சாதாரண ஆட்கள் வேண்டும். நான் பக்கத்துப் பிளாட் மாமா, வகுப்பு நடக்கும் கட்டடத்தின் அலுவலகப் பெண்கள், என் தம்பி என்று கொடுப்பேன்.

இதில் இரண்டு லாபம். எந்த இடத்தில் பத்தில் இரண்டு பேராவது திணறுகிறார்களோ, அல்லது நமக்கே ஏற்க முடியாத சொல்லை எழுதுகிறார்களோ, அந்த இடம் கெட்ட இடம். அதை நகர்த்திவிட வேண்டும். தமிழரே நிரப்ப முடியாத இடத்தை வைத்து ஒடியாவோ இந்தியோ பேசுகிற ஒருவரின் தமிழை எப்படி அளப்பது? இரண்டாவது லாபம், விடைப்பட்டியல் தானாகத் தயாராகிவிடும். இரண்டாவது இடத்துக்குத் தட்டுப்பாடு, கிராக்கி, போட்டி, பஞ்சம் என்று அவர்கள் எழுதியவற்றைப் படித்து, பொருந்துகிற அனைத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். நான் மட்டும் உட்கார்ந்து யோசித்திருந்தால் “பஞ்சம்” எனக்குத் தோன்றியிருக்காது.

தேர்வு நடத்துவது

பெரியவர்களில் பலர் பள்ளியை விட்டு வந்து இருபது வருடம் ஆகியிருக்கும். இப்படி ஒரு தாளைப் பார்த்ததே இருக்காது. எனவே மூன்று கோடுகள் உள்ள ஒரு சின்னப் பத்தியைப் பலகையில் எழுதி எல்லோருமாக ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் பத்தி முழுவதையும் பேனாவைத் தொடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாததை விட்டுவிட்டு மேலே போகலாம், தவறுக்கு மதிப்பெண் குறையாது என்றும் சொல்லிவிடுங்கள்.

“ஒரு கோட்டில் ஒரு சொல்” என்ற விதி தமிழில் குழப்பும். “பாதி ஆகிவிட்டது” என்று பிரித்து எழுதினால் இரண்டு சொல்லா? நான் அப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன், அதை முன்கூட்டியே சொல்லியும்விடுவேன். 40 இடத்துக்கு 40 நிமிடம் தருகிறேன். வாசிப்பு வேகத்தை அளக்கிற நோக்கம் இல்லை என்பதால் இன்னும் ஐந்து நிமிடம் கேட்டால் கொடுக்கலாம்.

திருத்துவது

இரண்டு வழி உண்டு. செய்தியில் இருந்த அதே சொல்லுக்கு மட்டும் மதிப்பெண் என்பது ஒன்று. பொருந்துகிற எந்தச் சொல்லுக்கும் மதிப்பெண் என்பது இன்னொன்று. முதல் வழி வேகமானது, திருத்துபவர் மாறினாலும் மதிப்பெண் மாறாது, மாணவர்களின் வரிசையும் பெரும்பாலும் இரண்டாம் வழியில் வருவதைப் போலவே வரும். பெரிய கூட்டத்துக்கு அது போதும். ஆனால் “தட்டுப்பாடு” என்று எழுதியவரிடம் “தவறு, போட்டி” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் அந்தத் தாளின் மேல் நம்பிக்கை போய்விடும். இருபது பேர் வகுப்பில் விடைப்பட்டியலை வைத்துத் திருத்த ஒரு மணி நேரம்தான் ஆகும்.

எழுத்துப்பிழைக்கு என் விதி இது: எந்தச் சொல் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் முழு மதிப்பெண். லகர ளகரக் குழப்பத்தில் வேறு சொல்லாகிவிட்டால் இல்லை.

அடுத்தது பேச்சுத்தமிழ். இதை ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது. ஐந்தாவது இடத்தில் ஒருவர் “வர்றதுக்கு” என்று எழுதுகிறார். இடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார், உருபும் சரி, ஆனால் செய்தி நடையில் அந்த வடிவம் நிற்காது. நான் இரண்டு கூட்டுத்தொகை போடுகிறேன். பேச்சு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டு ஒன்று, எழுத்து வடிவங்களை மட்டும் எண்ணி இன்னொன்று. ஒருவருக்கு 26-ம் 15-ம் வந்தால் அவர் தமிழைத் தெருவிலும் வேலையிடத்திலும் கற்றவர். 26-ம் 25-ம் வந்தால் புத்தகத்தில் கற்றவர். முதலாமவருக்கு வாசிப்பு வகுப்பு, இரண்டாமவருக்குப் பேச்சு வகுப்பு. எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்ற கேள்விக்கு, மொத்த மதிப்பெண்ணைவிட இந்த இடைவெளிதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மதிப்பெண்ணைப் பள்ளிக்கூடக் கண்ணோடு பார்க்காதீர்கள். தமிழர்களே நாற்பதுக்கு நாற்பது வாங்குவது அபூர்வம். கற்பவர் பாதிக்கு மேல் வாங்கினால் அவரால் செய்தித்தாளோடு மல்லுக்கட்ட முடியும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 35 எடுத்தால் பாஸ் என்ற கோடு இங்கே செல்லாது. ஒவ்வொரு செய்தியின் கடினமும் வேறு என்பதால், இந்தத் தாளின் 20-ஐயும் அடுத்த தாளின் 20-ஐயும் நேராக ஒப்பிடவும் முடியாது. நான் ஒரே ஜோடிச் செய்திகளை இரண்டு வருடமாகப் பயன்படுத்துவதும் அதனால்தான். தாளைத் திருப்பி வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

எந்த இடத்தை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது

முதல் முறை நடத்தி முடித்ததும் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். 18 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்படி அடுக்கி மேலே ஆறு பேரையும் கீழே ஆறு பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள். “விற்ற” என்ற இடத்தை மேலே ஐந்து பேரும் கீழே ஒருவரும் சரியாக எழுதியிருந்தால் அது வேலைசெய்கிற இடம். சட்னி இடத்தை நகர்த்தாமல் வைத்திருந்தால் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று வரும். அது யாரையும் பிரித்துக்காட்டவில்லை. கீழே இருப்பவர்கள் அதிகமாகவும் மேலே இருப்பவர்கள் குறைவாகவும் சரியாக எழுதிய இடம் இருந்தால் உடனே போய்ப் பாருங்கள். ஒற்று மிச்சமிருக்கும், அல்லது விடைப்பட்டியலில் ஒரு நல்ல சொல் விடுபட்டிருக்கும். எனக்கு ஒற்று விஷயம் தெரியவந்ததே இப்படித்தான்.

ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு கடினம், நாற்பதுக்கு இரண்டு மூன்றுதான் வரும். அவர்களுக்குச் சொல்லின் முன்பாதியைக் கொடுத்துப் பின்பாதியை மட்டும் நீக்கலாம்: “லாரி____ எண்ணிக்கை”, “சந்தை____ வரத்து”. ஜெர்மனியில் 1980-களின் தொடக்கத்தில் உருவான சி-டெஸ்ட் என்ற முறையின் தமிழ் வடிவம் என்று சொல்லலாம். ஆனால் தமிழில் பின்பாதி என்பது பெரும்பாலும் உருபும் விகுதியும்தான் என்பதால் இது இலக்கணத் தேர்வின் பக்கம் சாய்ந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

மொழித்திறன் என்பது பிரிக்க முடியாத ஒரே பொருள், அதை ஒரு குளோஸ் தாளே அளந்துவிடும் என்று ஆலர் ஒரு காலத்தில் வாதிட்டார். பிற்பாடு அவரே அந்த வாதத்தின் தீவிரத்தைக் கைவிட்டார். எங்கள் வகுப்புக்கு ஒரு கட்டட மேஸ்திரி வந்தார். பீகார்க்காரர், பதினொரு வருடமாக இங்கே இருக்கிறார், அவர் தமிழில் பேரம் பேசுவதைக் கேட்டால் ஊர் எது என்று சொல்ல முடியாது. தாளில் அவருக்கு வந்தது 4. எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அன்றிலிருந்து தாளோடு பத்து நிமிடப் பேச்சும் வைத்திருக்கிறோம். அவருக்கு அதே தக்காளிச் செய்தியை நான் வாசித்துக்காட்டி, கோடு வருகிற இடத்தில் நிறுத்தினேன். “முப்பது ரூபாய்க்கு” என்று நான் நிறுத்தியதும் அவர் “வித்த” என்றார். “சட்னிக்கு” என்று நிறுத்தியதும், “பதிலா, சார்” என்றார்.